சின்ன அடுப்படி, கையில் 3,000 ரூபாய்: செட்டிநாட்டில் தேன்குழல் போட்டு விற்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் இருந்தே ஏதாவது செய்து விற்க வேண்டும். அடுப்படி ஆறுக்கு எட்டுதான். கையில் மூவாயிரத்துக்கு மேல் இல்லை. எதில் தொடங்கலாம்?

தேன்குழலில் தொடங்குங்கள். அது ஒன்றில் மட்டும்.

காரணம் இதுதான். பால் பணியாரம், கந்தரப்பம், உக்காரை எல்லாம் நம் பக்கத்துப் பெருமைதான். ஆனால் செய்த அன்றே போக வேண்டும், மிஞ்சினால் அத்தனையும் நட்டம். மசாலாப் பொடிக்கு மிளகாயும் மல்லியும் காயவைக்க மாடி வேண்டும். இட்லி மாவுக்குக் கிரைண்டர், பிரிட்ஜ் இரண்டும் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். அதிரசத்தில் பாகு ஒரு நொடி தப்பினால் மொத்த மாவும் போய்விடும்.

தேன்குழலுக்கு ஓர் அடுப்பு, ஓர் இருப்புச்சட்டி, ஓர் அச்சு போதும். இவை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். செய்த பொருள் இரண்டு வாரம் தாங்கும் என்பதால், ஆர்டர் இன்றைக்கு வராவிட்டாலும் நாளைக்கு வரும் வரை காத்திருக்கலாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் தேன்குழல் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே காரணத்தால் இங்கே சுமாரான தேன்குழலை யாரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள். வெள்ளையாக, வாயில் வைத்தால் நொறுங்க வேண்டும். சிவந்து போனால் அதை இங்கே தேன்குழல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அந்த மூவாயிரத்தை எதற்கெல்லாம் செலவழிப்பது?

முதலில் ஒரு டிஜிட்டல் தராசு, சுமார் 400 முதல் 500 ரூபாய். இது இல்லாமல் தொடங்க வேண்டாம். கைக்கணக்கில் போட்டால் இந்த வாரம் வந்த பதம் அடுத்த வாரம் வராது, அடக்க விலையும் தெரியாது. அடுத்து, பையை ஒட்டும் கை சீலர், ஆயிரம் ரூபாயை ஒட்டி. மெழுகுவர்த்தியில் ஒட்டினால் ஊசிமுனை அளவு சந்து விடும், நான்கே நாளில் தேன்குழல் நமுத்துவிடும். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு 100 ரூபாய், பைக்கும் லேபிளுக்கும் ஒரு 200. மீதி அரிசி, உளுந்து, வெண்ணெய், எண்ணெய்க்கு.

பெரிய அடுப்பு, புது வாணலி, மாவு பிசையும் இயந்திரம் எதுவும் இப்போது வேண்டாம். வாரத் தவணைக் கடன் வாங்கித் தொடங்கவே வேண்டாம். தவணை வாராவாரம் வரும், ஆர்டர் அப்படி வராது.

அரிசி, உளுந்து எந்த அளவு? மாவை எப்படித் தயார் பண்ணுவது?

நான்கு பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மில்லுக்கு ஒரே தடவையாக 4 கிலோ அரிசி, 1 கிலோ உளுந்து கொண்டு போனால் நான்கு ஈடுக்கு ஆகும். ஒரு கிலோ மட்டும் கொண்டு போனால் இயந்திரத்தில் ஒட்டி நிற்கும் மாவே கணிசமான நட்டமாகிவிடும்.

புதுவயலில் அரிசி ஆலைகள் நிறைய இருப்பதால் நம் பக்கம் நல்ல பச்சரிசிக்கு அலைய வேண்டியதில்லை. அரிசியை மூன்று தண்ணீர் கழுவி, வடிகட்டி, சுத்தமான வேட்டியில் பரப்பிக் காற்றாடிக்குக் கீழே உலர்த்துங்கள். வெயில் வேண்டாம், மாடியும் வேண்டாம், ஒரு கட்டில் அகலம் போதும். நான்கைந்து மணி நேரத்தில் காய்ந்துவிடும், மழை நாளில் இன்னும் அதிக நேரம் ஆகும். ஒரு பிடி அள்ளி இறுக்கி விட்டால் ஓர் அரிசி கூட உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. ஈரம் இருக்கும்போது அரைத்தால் மாவு டின்னிலேயே கட்டி தட்டிப் புளித்த வாடை வந்துவிடும்.

தொலி இல்லாத முழு உளுந்தைச் சிறு தீயில் வறுங்கள். வாசம் வந்து, லேசாகச் சூடேறி, நிறம் மாறத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும். பொன்னிறம் வரை விட்டால் தேன்குழல் சிவக்கும். சட்டியில் சூடு நிற்கும் என்பதால் இறக்கியவுடன் தட்டில் கொட்டி ஆறவிடுங்கள்.

மில்லில் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் அரைத்த கையோடு நம் அரிசியைப் போட்டால் மாவில் செம்புள்ளியும் காரமும் ஏறும். அரிசி அரைக்கும் முறை எப்போது என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போவதே நல்லது. அரைத்த மாவு சூடாக இருக்கும். மூடி வைக்காமல் ஆறவிட்டு, சலித்து, ஈரமில்லாத டின்னில் போட்டால் ஒரு மாதம் இருக்கும்.

ஓர் ஈட்டுக்கு எவ்வளவு போட வேண்டும்? பிசைவதில் ஏதாவது சூட்சுமம் உண்டா?

ஓர் ஈடு என்பது 1 கிலோ 250 கிராம் மாவு. அதற்கு வெண்ணெய் 100 கிராம், உப்பு 25 கிராம், சீரகம் இரண்டு தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்த பெருங்காயம் கொஞ்சம். சோடா உப்பு வேண்டாம். அது பொரபொரப்பைத் தருவது போலத் தோன்றும், ஆனால் எண்ணெயை இழுக்கும், நிறத்தையும் கெடுக்கும்.

மொத்த மாவையும் ஒரே தடவையாகப் பிசையாதீர்கள். நான்கு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பாகத்துக்குச் சுமார் 310 கிராம். முதலில் வெண்ணெயை வறண்ட மாவில் விரலால் பிசிறுங்கள். கையில் இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் வெண்ணெய் சரியாகச் சேர்ந்ததற்கு அடையாளம். பிறகு உப்பும் பெருங்காயமும் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். ஒரு பாகத்துக்கு 200 மில்லி அளவில் பிடிக்கும், அரிசியைப் பொறுத்துக் கூடும் குறையும். விரலில் ஒட்டாத மிருதுவான பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைய வேண்டியதில்லை.

இந்தப் பாகம் அச்சில் ஏறி முடிந்த பிறகே அடுத்த பாகத்தில் தண்ணீர் விட வேண்டும். பிசைந்த மாவு அரை மணிக்கு மேல் காத்திருந்தால் கடைசியில் போடும் தேன்குழல் முதலில் போட்டதைவிடச் சிவப்பாக வரும். ஒரே பையில் இரண்டு நிறம் இருந்தால் வாங்குகிறவர் பழையதைக் கலந்துவிட்டார்கள் என்றே நினைப்பார்.

எண்ணெய் சரியான சூட்டில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? எப்போது எடுப்பது?

மிளகு அளவு மாவை எண்ணெயில் போடுங்கள். கீழே போய், இரண்டு மூன்று விநாடியில், நிறம் மாறாமல் மேலே வந்தால் சரி. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. விழுந்தவுடன் எம்பிச் சிவந்தால் தீ அதிகம், தணித்து ஒரு நிமிடம் பொறுங்கள்.

தேன்குழலை நேராக எண்ணெயில் பிழியாமல் கண்கரண்டியின் பின்பக்கத்திலோ சின்ன வாழையிலைத் துண்டிலோ பிழிந்து மெதுவாகச் சரித்து விடுங்கள். வட்டம் இரண்டரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெரிய வட்டம் பார்க்க அழகு, ஆனால் பையில் உடையும். வெளியூருக்கு எடுத்துப் போகிறவர்கள்தான் நம்மிடம் அதிகம் வாங்குவார்கள், சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்ச் சேரும்போது அது முழுசாக இருக்க வேண்டும்.

எடுக்கும் நேரத்தை நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் நிறம் மாறவே கூடாது. காதால்தான் கேட்க வேண்டும். மாவில் உள்ள தண்ணீர் ஆவியாகும் வரை எண்ணெய் சலசலக்கும், நுரைக்கும். சத்தம் அடங்கி, நுரை ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று குமிழாகக் குறைந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். வீட்டுச் சட்டியில் தடவைக்கு இரண்டு போட்டால் ஓர் ஈடு முடிய ஒன்றரை மணி நேரம். நேரத்தை மிச்சப்படுத்த நான்கைத் திணித்தால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும், எல்லாமே எண்ணெய் குடித்துவிடும்.

எண்ணெய் குடிக்கிறது, இல்லாவிட்டால் கல் மாதிரி ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?

எண்ணெய் குடித்தால் மூன்றில் ஒன்றாக இருக்கும்: சூடு போதவில்லை, வெண்ணெய் கூடிவிட்டது, அல்லது மாவு தளர்ந்துவிட்டது. முதல் தடவையில் மட்டும் குடித்துப் பிறகு சரியானால் சூடுதான் காரணம். கடைசி வரை குடித்தால் மாவுதான். தேன்குழல் எண்ணெயில் பிரிந்து கரைந்தால் வெண்ணெய் அதிகம் என்பது உறுதி. அந்தப் பாகத்தில் இரண்டு கைப்பிடி வறண்ட மாவைச் சேர்த்துப் பிசைந்தால் மீட்டுவிடலாம்.

கல் மாதிரி ஆனால் வெண்ணெயோ உளுந்தோ குறைந்திருக்கிறது. பிழியும்போதே இழை அறுந்து அறுந்து விழுந்தால் தண்ணீர் போதவில்லை, தண்ணீரில் கையை நனைத்து இன்னொரு முறை பிசையுங்கள்.

வெளியே மொறுமொறுப்பும் நடுவில் சவசவப்பும் என்றால் சத்தம் அடங்கும் முன்பே எடுத்துவிட்டீர்கள். அது அன்றைக்குத் தெரியாது, மறுநாள்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு ஈட்டிலும் ஆறிய ஒன்றை எடுத்து நடுவில் உடைத்துப் பாருங்கள். டக்கென்று முறிய வேண்டும். வளைந்து முறிந்தால் அதைப் பையில் போடாதீர்கள்.

மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது? கொட்டினால் நட்டமாகிறதே.

ஓர் ஈட்டுக்கு ஒரு லிட்டரில் தொடங்கினால் 450 மில்லி அளவு தேன்குழலோடு போய்விடும். மீதியை ஆறவிட்டுத் துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் வரும் அடுத்த ஈட்டுக்குப் புது எண்ணெயோடு சேர்க்கலாம். அதோடு சரி. அதற்குப் பிறகு மிஞ்சுவதை விற்கும் பண்டத்துக்குப் போடாதீர்கள்.

மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெயில் சேரும் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. அதை அளக்கக் கருவி வேண்டும். வீட்டில் கண்ணுக்குத் தெரிவது வேறு: எண்ணெய் கறுக்கும், விரலில் பிசுபிசுக்கும், மாவு போடாமலே ஓரத்தில் நுரை நிற்கும், வழக்கமான தீயிலேயே புகையும். இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணெய் முடிந்தது. பழைய எண்ணெயில் போட்டது அன்றைக்கு நன்றாகவே இருக்கும். பத்தாம் நாள் பையைத் திறக்கும்போது காறல் வாடை அடிக்கும், அப்போது அது வாங்கியவர் வீட்டில் இருக்கும்.

எத்தனை நாள் தாங்கும் என்று லேபிளில் போடுவது?

நீங்களே சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். முதல் ஈட்டில் விற்பனைக்கு ஒட்டுவது போலவே நான்கு சிறு பைகளை ஒட்டி அலமாரியில் வையுங்கள். 7, 14, 21, 30 ஆம் நாளில் ஒவ்வொன்றாகத் திறங்கள். திறந்ததும் முதலில் பைக்குள் முகர்ந்து பாருங்கள், காறல் நாக்குக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரியும். பிறகு உடைத்துப் பாருங்கள். 21 ஆம் நாள் வரை நன்றாக இருந்தால் லேபிளில் 15 நாள் என்று போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும், காற்றில் ஈரம் கூடும்போது கணக்கு மாறும்.

பொரித்ததை அகலத் தட்டில் பரப்பி முழுதாக ஆறவிட்டு அன்றே பையில் போட்டு ஒட்டுங்கள். கை பொறுக்கும் சூடு என்று அவசரப்பட்டால் பைக்குள் ஆவி படிந்து நமுக்கும். மளிகைக் கடையின் மெல்லிய பை வேண்டாம்; கனமான உணவுப் பையோ ஜிப் வைத்த பையோ வாங்குங்கள். அச்சடித்த செய்தித்தாளில் வைத்துப் பொட்டலம் கட்டவோ எண்ணெய் வடியவிடவோ கூடாது, மை எண்ணெயில் இறங்கும்.

வீட்டில் செய்து விற்க லைசென்ஸ் வேண்டுமா?

இப்படி வீட்டில் சிறிய அளவில் செய்து விற்க உரிமம் தேவையில்லை, பதிவு போதும். ஆனால் பதிவு கட்டாயம். foscos.fssai.gov.in தளத்தில் புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இ-சேவை மையத்தில் செய்தால் அவர்கள் கூலி தனி. கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும்.

லேபிளில் பண்டத்தின் பெயர், சேர்த்த பொருள்கள் அதிகத்திலிருந்து குறைவு வரிசையில், நிகர எடை, விலை, செய்த தேதி, எதுவரை உண்ணலாம் என்பது, ஈட்டு எண், உங்கள் பெயர், முகவரி, பச்சைச் சைவக் குறி இவை இருக்கட்டும். வெண்ணெய் இருப்பதால் பால் என்றும், கடலை எண்ணெய் என்றால் நிலக்கடலை என்றும் தெரியும்படி எழுதுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும்.

எரிவாயு பற்றிப் பலருக்குத் தெரியாது: வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. அடுப்படியில் 19 கிலோவுக்கு இடமில்லாவிட்டால் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கும். அதன் விலையையே அடக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

கிலோ என்ன விலைக்கு விற்றால் கட்டுப்படியாகும்?

ஓர் ஈட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காகப் போட்டவை, உங்கள் கடைச் சீட்டில் உள்ளதை அந்த இடத்தில் போடுங்கள்.

அரிசி 1 கிலோ 55, உளுந்து கால் கிலோ 35, வெண்ணெய் 60, சீரகம் பெருங்காயம் உப்பு 15, மில் கூலி 15, எரிவாயு 25, ஆறு பையும் லேபிளும் 30. எண்ணெய்க்கு 450 மில்லி என்று போடாதீர்கள், கடைசியில் ஒதுக்கும் எண்ணெயும் செலவுதான். 600 மில்லி, லிட்டர் 200 என்றால் 120. ஆக மொத்தம் 355 ரூபாய்.

வெந்து வருவது 1 கிலோ 600 கிராம் அளவில் இருக்கும். உடைந்தது, ருசி பார்த்தது, சோதனைக்கு வைத்தது போக விற்க ஒன்றரை கிலோ, அதாவது கால் கிலோ பை ஆறு. கிலோவுக்கு அடக்கம் 237 ரூபாய் வருகிறது. கிலோ 400 என்று நேரடியாக விற்றால் 600 வரும், மிச்சம் 245. பிசைவது, பொரிப்பது, ஒட்டுவது, கழுவுவது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேர உழைப்பின் கூலி அது.

இதையே கடையில் கொடுத்து, கடைக்காரர் நூற்றுக்கு இருபது எடுத்துக்கொண்டால் உங்கள் கைக்கு 480 வரும், மிச்சம் 125. விற்காததைத் திருப்பிக் கொடுத்தால் அதுவும் இல்லை. அதனால் தொடக்கத்தில் கடைக்குப் போடாமல் ஆர்டருக்கு மட்டும் போடுங்கள். தெருவில், வாட்ஸ்அப்பில், ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். கிலோ 300 என்று தொடங்கிப் பிறகு ஏற்றலாம் என்று எண்ணாதீர்கள். முதலில் சொன்ன விலைதான் ஊரில் நிற்கும்.

தீபாவளிக்கு ஒரு வீட்டில் 40 கிலோ கேட்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

தனி ஆளாக, ஓர் அடுப்பில் என்றால் வேண்டாம். நாளுக்கு இரண்டு ஈடு போட்டால் 3 கிலோ. 40 கிலோவுக்குப் பதினான்கு நாள் ஆகும். முதல் நாள் போட்டது கொடுக்கும்போதே இரண்டு வாரப் பழசு. மூன்றாவது ஈட்டைச் சேர்த்தால் எண்ணெயும் கையும் இரண்டுமே தளர்ந்துவிடும். 20 கிலோ என்று ஒத்துக்கொண்டு, ஏழு நாளில் முடித்து, பண்டிகைக்கு மூன்று நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். அரிசி, எண்ணெய் வாங்க அது போதும், உங்கள் கைக்காசு அதிகம் இறங்காது. மீதிக்கு அதே தெருவில் நன்றாகச் செய்யும் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டால், அவரும் உங்கள் மாவில், உங்கள் அளவில்தான் போட வேண்டும். அவர் வீட்டில் போட்டால் அவருக்கும் தனிப் பதிவு வேண்டும்.

தேன்குழல் கைக்கு வந்துவிட்டது. அடுத்து என்ன சேர்க்கலாம்?

சீப்புச் சீடை. பட்டை அச்சில் வரி வரியாகப் பிழிந்து, துண்டாக நறுக்கி, விரலில் சுற்றி ஓரத்தை ஒட்டிப் பொரிப்பது. தேங்காய்ப்பால் விட்டுப் பிசைவதால் வாசம் தனி, ஆனால் அதே தேங்காய்ப்பால்தான் சீக்கிரம் காறலையும் கொண்டு வரும். ஆகவே தேன்குழலின் 15 நாளை அப்படியே இதற்கும் எழுதிவிடாதீர்கள், நான்கு பைச் சோதனையை முதலில் இருந்து செய்யுங்கள்.

ஒட்டிய ஓரம் சரியாக ஒட்டாவிட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். இறுக்கமாகச் சுருட்டி நடுவில் துளையே இல்லாமல் மூடிவிட்டால் உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கும். விரல் நுழையும் துளை இருக்க வேண்டும். மாவைச் சலிக்காமல் விட்டால் குருணை வெடிக்கும், எண்ணெய் முகத்தில் தெறிக்கும். கையால் சுற்றும் வேலை என்பதால் ஓர் ஈட்டுக்குத் தேன்குழலைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். கிலோ விலையை அந்த நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.